‘வண்டி தங்கம்’ என்று எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்: பழைய கார் வாங்கும்போது செய்யும் தவறுகள்

என் மச்சான் ஒரு பழைய கார் பார்த்து வைத்திருந்தார். ஆறு வருட வண்டி, மீட்டரில் 48,200 கிலோமீட்டர். "சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டிக்கொள்ளுங்கள், நமக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்" என்று விற்பவரே சொல்லியிருக்கிறார். அந்த மெக்கானிக் அரை மணி நேரம் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, இரண்டு பக்க ரிப்போர்ட் கொடுத்தார். வரிசையாக எல்லாமே டிக். "வண்டி தங்கம் அண்ணே, கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்று வாயாலும் சொல்லியிருக்கிறார். முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய நாள் அந்த ரிப்போர்ட் எனக்கு வந்தது.

விற்பவர் காட்டும் மெக்கானிக்கிடம் போனதுதான் முதல் தவறு, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நீங்களே கூட்டிப்போகும் பழகிய மெக்கானிக்கிடமும் இதே ஆபத்து உண்டு. வண்டி விற்றால்தான் அவருக்குக் கமிஷன் என்றால், ‘வேண்டாம்’ என்று எழுத அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? அதனால் பார்ப்பதற்கான கூலியை முதலிலேயே உங்கள் கையால் கொடுத்துவிடுங்கள். விற்பவரிடம் அவர் பெயரை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். சோதனை முடியும்வரை நீங்களும் பக்கத்திலேயே நில்லுங்கள்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். அதில் வண்டியின் பதிவு எண் இருந்தது, சேசிஸ் நம்பர் இல்லை. மீட்டரின் போட்டோ இல்லை. எஞ்சின் ‘நன்று’, பிரேக் ‘நன்று’, அளவு எதுவும் கிடையாது. எண்ணாக இருந்தது ஒரே ஒரு இடத்தில்: நான்கு டயர்களிலும் பட்டன் ஆழம் 6 மில்லிமீட்டர். எனக்கு அங்கேதான் உறுத்தியது. சாதாரணக் கார் டயர் புதிதாக இருக்கும்போதே ஏறக்குறைய 8 மில்லிமீட்டர்தான். ஓடிய வண்டியில் முன் டயரும் பின் டயரும் ஒரே மாதிரித் தேய்வது அபூர்வம். மறுநாள் நேரில் போய் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். முன்னால் 3, பின்னால் நாலரை. அளந்தே பார்க்காமல் எழுதிய எண் அது. யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கக்கூடிய விஷயத்தையே இப்படி எழுதியவர், மற்றதை மட்டும் பார்த்துவிட்டா எழுதியிருப்பார்?

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். இந்த வண்டி 2018-இல் வந்தது. நான்கு டயர்களிலும் 0921, அதாவது 2021-ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரம். ஆறு வருடத்தில் 48,000 கிலோமீட்டர் என்றால் மூன்றாவது வருடத்தில் ஏறத்தாழ 24,000 ஓடியிருக்கும். அப்போதோ அதற்குப் பிறகோ நான்கு டயரையும் மாற்றியிருக்கிறார்கள், புதிதாகப் போட்டதிலும் முன் டயர்கள் பாதிக்குமேல் தேய்ந்துவிட்டன. இது மட்டுமே ஆதாரம் ஆகாது. மோசமான ரோடு, தப்பான அலைன்மென்ட் என்று காரணம் சொல்ல முடியும். ஆனால் கேள்வி எழுப்ப இது போதும்.

மீட்டரில் தெரியும் எண்ணை மட்டும் நம்புவது அடுத்த தவறு. டிஜிட்டல் மீட்டரைத் திருப்ப இன்று ஸ்பேனர்கூட வேண்டியதில்லை, ஒரு கருவியைச் செருகிச் சில நிமிடங்களில் எண்ணை மாற்றிவிடுகிறார்கள். ஆனால் மாற்றுகிறவர் பெரும்பாலும் டேஷ்போர்டில் இருக்கும் எண்ணோடு நிறுத்திக்கொள்வார். வண்டியின் மற்ற கம்ப்யூட்டர்களிலும் தூரக் கணக்கு இருக்கலாம் என்பது பலருக்கு நினைவுக்கு வராது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் பல வண்டிகளில் Distance since codes cleared என்று ஒரு வரி வரும். கோளாறுக் குறிப்புகளைக் கடைசியாக அழித்த பிறகு வண்டி ஓடிய தூரம் அது. வண்டியின் மொத்த ஓட்டத்தைவிட அது கூடுதலாக இருக்கவே முடியாது.

மச்சான் பார்த்த வண்டியில் அந்த வரி 61,340 கிலோமீட்டர் என்று காட்டியது. மீட்டரைவிட 13,140 அதிகம். உண்மையான ஓட்டம் குறைந்தது 61,340, அதற்கு மேல் எவ்வளவு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இந்தக் கணக்கு 65,535-க்கு மேல் ஏறவும் ஏறாது.

இதில் ஒரு எச்சரிக்கை. அந்த எண் குறைவாக இருந்தால் வண்டி சுத்தம் என்று அர்த்தமில்லை. நேற்றுதான் யாராவது அழித்திருக்கலாம், அப்போது கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எண் அதிகமாக இருந்தால்தான் அது பேசும். அப்போதும், மீட்டரையோ எஞ்சின் கம்ப்யூட்டரையோ நியாயமாக மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள், மாற்றியிருந்தால் பில் இருக்கும். ஸ்கேனரின் ஆப் தூரத்தை மைலில் காட்டுகிறதா, கிலோமீட்டரிலா என்பதையும் பார்த்துவிடுங்கள். இதைப் பார்க்காமல் வீண்சண்டை போட்டவர்கள் உண்டு.

அப்புறம், வெள்ளம். ரிப்போர்ட்டில் ‘வெள்ள பாதிப்பு: இல்லை’ என்று ஒரு டிக். இங்கே செய்யும் தவறு, பளபளப்பையும் வாசனையையும் பார்த்து முடிவு செய்வது. தண்ணீரில் நின்ற வண்டியில் சீட் கவர், கார்ப்பெட், எஞ்சின் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். சீட் பெல்ட் சுருளும் உருளை கதவுகளுக்கு இடையில் இருக்கும் தூணின் அடிப்பக்கம், தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வண்டிக்குள் தண்ணீர் ஏறினால் சீக்கிரமே அங்கே எட்டிவிடும். பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தோம். வெளியே தெரியும் பாகம் துவைத்தது போல இருந்தது. உள்ளே சுருண்டு கிடந்த பாகத்தில் பழுப்புக் கறை, விரலில் உரசினால் நைசான மண். பெல்ட்டையே மாற்றியிருந்தால், அதன் அடியில் தைத்திருக்கும் லேபிளில் உள்ள தேதி வண்டியின் வருடத்தைவிடப் பிந்தியதாக இருக்கும்.

ஒரே இடத்தில் துரு இருந்தால் பயப்பட வேண்டாம். ஏசி குழாய் ஒழுகியிருக்கலாம், கண்ணாடி ஓரத்தில் மழை இறங்கியிருக்கலாம். பல இடங்களில் ஒரே உயரத்தில் தடம் இருக்கிறதா என்பதைத்தான் தேட வேண்டும். நாங்கள் டார்ச்சோடு குனிந்து பார்த்தபோது முன் சீட் இரண்டின் தண்டவாளத்திலும் ஒரே மட்டம்வரை துரு. சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் கீறல், அதாவது சீட்டைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். சீட்டுக்கு அடியில் போகும் மஞ்சள் கனெக்டரின் முள்களில் பச்சைப் பூஞ்சை போன்ற அரிப்பு. அது ஏர்பேக் வயர். வாங்கி மாதங்கள் கழித்து ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்க இப்படிப்பட்ட அரிப்பு காரணமாகலாம். அன்றைக்கு ஓட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது.

மச்சான் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "நான் எதையும் கழற்றிப் பார்க்கலையே அண்ணே, மேலோட்டமாத்தானே பார்த்தேன்" என்றார். பார்க்கவில்லை என்றால் ‘பார்க்கவில்லை’ என்று எழுத ஒரு கட்டம் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் ‘நன்று’, ‘மோசம்’ என்ற இரண்டு மட்டும் இருந்தால், தொடாத இடமெல்லாம் ‘நன்று’ ஆகிவிடும். அடுத்த முறை நீங்கள் கூலி கொடுத்து எழுதச் சொல்லும்போது இந்த மூன்றாவது கட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். கூடவே சேசிஸ் நம்பர், தேதி, எஞ்சின் ஓடும்போது எடுத்த மீட்டர் போட்டோ, ஸ்கேனர் திரையின் போட்டோ, கையெழுத்து.

ஸ்கேனரில் வந்த 61,340-ஐயும் சேசிஸ் நம்பரையும் சேர்த்து ரிப்போர்ட்டைத் திருத்தித் தரும்படி மச்சான் கேட்டார். "நாளைக்குத் தர்றேன்" என்றவர் அதன்பிறகு போனை எடுக்கவே இல்லை. அடுத்த வாரம் அதே வண்டி மறுபடி விளம்பரத்தில் வந்தது. மீட்டர் 48,200, ‘மெக்கானிக் ரிப்போர்ட் உண்டு’ என்ற வரியோடு.