ராத்திரி மெயிலுக்கு பதில் வேணாம்னு நோட் போடறப்ப மேனேஜருங்க பண்ற தப்புங்க

சேலத்துல பெட்ஷீட், டவல் எக்ஸ்போர்ட் பண்ற ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு இது தெரியும், நியூயார்க் பையருக்கு காலைல 9 மணின்னா நமக்கு சாயங்காலம் ஆறரை, அங்க குளிர்காலம்னா ஏழரை. நாம வண்டிய எடுத்துட்டு வீட்டுக்கு கிளம்பற நேரத்துலதான் அங்கேர்ந்து மெயில் வரவே ஆரம்பிக்கும். அதனால "ஆபீஸ் டைம் முடிஞ்சா மெயிலுக்கு பதில் போட வேணாம், நெஜமான அவசரம்னா போன்ல கூப்பிடுவோம்"னு மேனேஜர் ஒரு நோட் அனுப்பறது ரொம்ப நல்ல விஷயம். ஆனா அத எழுதற விதத்துலயே பாதி நோட் செத்துப்போகுது.

பெரிய தப்பு, நோட்ட ஸ்டாஃபுக்கு மட்டும் அனுப்பிட்டு வெளிய இருக்கறவங்களுக்கு சொல்லாம விடறது. ஒரு உதாரணம் பாருங்க. தூத்துக்குடிக்கு போற கண்டெய்னர் லாரி ராத்திரி பத்தரைக்கு விருதுநகர் தாண்டி ஆக்ஸில் போய் நின்னுடுச்சு, காலைல துறைமுகத்துல கட் ஆஃப், அதுக்குள்ள கண்டெய்னர் உள்ள போகலன்னா அடுத்த கப்பலுக்குத்தான். டிரைவர் டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்கு சொல்றார், அவங்க வழக்கம்போல நமக்கு ஒரு மெயில் தட்டி விட்டுட்டு தூங்கப் போயிடறாங்க. நம்ம ஷிப்பிங் ஆளு நோட்ட நம்பி மெயில் பாக்கல, காலைல வந்துதான் பாக்கறார். அப்புறம் எந்த நோட் போட்டாலும் அவரு ராத்திரி முழுக்க மெயில் பாத்துக்கிட்டுதான் இருப்பாரு, அவரை தப்பு சொல்ல முடியாது. அதனால டிரான்ஸ்போர்ட், கப்பல்ல இடம் புடிச்சுக் குடுக்கற ஃபார்வர்டர், கஸ்டம்ஸ் வேலை பாக்கற சிஎச்ஏ, பையர் எல்லாருக்கும் "ராத்திரி அவசரம்னா இந்த நம்பருக்கு போன் பண்ணுங்க, மெயில் போட்டா காலைலதான் பாப்போம்"னு தனியா எழுதணும், மெயில் கையெழுத்துக்கு கீழயும் அந்த ரெண்டு வரிய போட்டு வைக்கணும்.

அடுத்தது, எது அவசரம்னு சொல்லாம விடறது. நான் வச்சிருக்கற கேள்வி ஒண்ணுதான்: இப்ப ஒரு ஆளு எழுந்து ஏதாச்சும் பண்ணா நஷ்டம் குறையுமா? லாரி விஷயத்துல குறையும், வேற டிரெய்லர் புடிக்கலாம், சிஎச்ஏவ எழுப்பி என்ன வழின்னு கேக்கலாம். அதே ராத்திரி, நாம கலர் பாக்க அனுப்புன சாம்பிள் துணிய பாத்துட்டு பையர் "லேப் டிப்ல நீலம் ஒரு ஷேட் கம்மியா வேணும்"னு சிவப்பு ஆச்சரியக்குறியோட அனுப்பறார்னு வைங்க, லேப்ல அந்த நேரத்துக்கு ஆளே கிடையாது, காலைல சொன்னாலும் அதே நாள்லதான் வேலை நடக்கும், அது அவசரம் இல்ல. நோட்ல இந்த மாதிரி ரெண்டு ரெண்டு உதாரணம் போட்டாத்தான் புரியும்.

வார்த்தையும் முக்கியம். "பதில் போடணும்னு கட்டாயமில்ல, முடிஞ்சா பாத்துக்கங்க"ன்னு எழுதுனா புதுசா சேந்த பையன் ரெண்டாவது பாதியத்தான் படிப்பான். "7 மணிக்கு மேல வர்ற மெயிலுக்கு அடுத்த வேலை நாள் காலைல 11 மணிக்குள்ள பதில் போட்டா போதும், அனுப்புனது நானா இருந்தாலும் சரி"ன்னு நேரா எழுதுங்க.

இப்ப போன் விஷயம், இதத்தான் யாரும் யோசிக்கறதில்ல. நிறைய பேர் ராத்திரி "Do Not Disturb" போட்டுட்டுத்தான் தூங்கறாங்க, கால் வந்தாலும் சத்தம் வராது. ஐபோன்ல ஒரே நம்பர்லேர்ந்து மூணு நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை கூப்பிட்டா ரிங் ஆகற மாதிரி செட்டிங் இருக்கு, ஆண்ட்ராய்டுல பொதுவா பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள. அத ஆன் பண்ணி வைக்கச் சொல்லிட்டு, "எடுக்கலன்னா உடனே இன்னொரு தடவை அடிங்க, அப்பவும் எடுக்கலன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளு"ன்னு எழுதிடுங்க. வாட்ஸ்அப் மெசேஜ் கால் கணக்குல வராது, அதுவும் நோட்ல இருக்கட்டும். ஏற்காட்டுக்காரங்க யாராச்சும் இருந்தா ஞாயித்துக்கிழமை ஊருக்கு போயிடுவாங்க, எஸ்டேட் பக்கம் பல எடத்துல சிக்னலே நிக்காது, அவங்கள அந்த வாரம் முதல் நம்பரா போடாதீங்க. யாரு முதல் நம்பரோ அவங்க வாராவாரம் மாறணும், ராத்திரி எழுந்து வேலை பாத்தவங்க மறுநாள் லேட்டா வரலாம்னும் சொல்லிடணும்.

கடைசியா உங்க கை. ராத்திரி 11 மணிக்கு உங்களுக்கு யோசனை வந்தா எழுதிக்கங்க, ஆனா ஜிமெயில்ல "Send" பட்டனுக்கு பக்கத்துல இருக்கற அம்புக்குறிய அழுத்தி "Schedule send"ல காலை ஒன்பதரைக்கு வைங்க. ராத்திரியே பதில் போட்ட ஆள மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் பாராட்டாதீங்க, மத்தவங்களுக்கு அதுதான் உண்மையான நோட்டா தெரியும்.

நோட் போட்ட வாரத்துலயே ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு, முன்னாடியே சொல்லிட்டு, டிரான்ஸ்போர்ட் ஆபீஸ விட்டு அந்த அவசர நம்பருக்கு ஒரு கால் அடிக்கச் சொல்லுங்க, ரிங் ஆகுதான்னு அப்பவே தெரிஞ்சிடும்.