நன்றிச் செய்தியில் கணக்கும் இருக்கட்டும்

மாலை நேரப் படிப்பு மையம் ஒன்றை நடத்தும் கல்லூரி மாணவர் குழுவின் ஒருங்கிணைப்பாளர், பணம் தந்தவருக்கு அனுப்பவிருந்த வாட்ஸ்அப் செய்தி இது: "ஹாய் அங்கிள், செம ஹெல்ப்! நோட்டு வாங்கியாச்சு, பசங்க ஹேப்பி. மீதிய அப்புறம் சொல்றேன்!" இதில் அன்பு இருக்கிறது, ஆனால் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, மீதி எங்கே என்பதற்கு விடையில்லை.

அதை நாங்கள் இப்படித் திருத்தினோம்:

"மதிப்பிற்குரிய ஐயா, ஜூலை 6 அன்று தாங்கள் அனுப்பிய 3,000 ரூபாய் கிடைத்தது, மனமார்ந்த நன்றி. அதில் 2,400 ரூபாய்க்கு 60 நோட்டுகள் வாங்கி, 30 மாணவர்களுக்கு ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தோம். கடை ரசீதை இணைத்துள்ளேன். ஜாமெட்ரி பாக்ஸ் கடையில் இருப்பு இல்லாததால் இன்னும் வாங்கவில்லை. மீதி 600 ரூபாய் குழுவின் வங்கிக் கணக்கில் உள்ளது. ஜூலை 31க்குள் வாங்கி, அந்த ரசீதையும் அனுப்புகிறேன்."

வாங்க முடியாமல் போனதைச் சொல்லும் வரியை நீக்கிவிடத்தான் பலருக்கும் தோன்றும். என் பார்வையில், நன்கொடையாளரின் நம்பிக்கையைப் பெறுவதே அந்த வரிதான். "அப்புறம்" என்பதற்குப் பதிலாகத் தேதி எழுதினால், அதை உடனே நாட்காட்டியிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

"பசங்க ஹேப்பி" என்பதற்குப் பதிலாக நேரில் கண்ட ஒன்றைச் சேர்க்கலாம்: ஒரு மாணவி அன்று மாலையே நோட்டுக்கு அட்டை போட்டுவிட்டாள் என்பது போல. பெற்றோர் அனுமதியின்றிக் குழந்தையின் பெயரோ படமோ வேண்டாம். நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க வழிசெய்யும் 80ஜி பதிவு இல்லாத குழு, வரிவிலக்கு பற்றி எழுதவே கூடாது.