இறுகிப்போன கிராங்கைக் கழற்றுவது எப்படி: சுத்தியலை ஓரமாக வைத்துவிட்டுப் புல்லரை எடுங்கள்

போல்ட்டைக் கழற்றியாகிவிட்டது, ஆனாலும் சைக்கிள் பெடலைத் தாங்கும் கை போன்ற கிராங்க் அசைய மாட்டேன் என்கிறது. பெடலைப் பிடித்து இழுத்தாலும் ஆட்டினாலும் அப்படியே இருக்கிறது. இந்த இடத்தில்தான் பெரும்பாலும் சுத்தியல் கைக்கு வருகிறது. வர வேண்டாம். இதற்கென்றே கிராங்க் புல்லர் என்ற சின்னக் கருவி இருக்கிறது, சைக்கிள் உதிரிபாகக் கடையிலோ ஆன்லைனிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதைச் சரியாகப் பிடித்தால் வேலை முடிய ஐந்து நிமிடம்கூட ஆகாது, தவறாகப் பிடித்தால் கிராங்கே வீணாகும், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

எந்த வகை கிராங்க் என்று முதலில் பாருங்கள். இந்தப் பதிவு சதுர முனை அச்சுக்கு மட்டும். கியர் சைக்கிள்களில் நடுத்தர விலைக்குக் கீழே வருபவற்றில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். நம் ஊர் பழைய கறுப்பு சைக்கிளில் கிராங்கின் குறுக்கே ஒரு காட்டர் பின் அடித்திருப்பார்கள், அதற்குப் புல்லர் ஆகாது. சின்னப் பிள்ளைகள் சைக்கிள் சிலவற்றில் இரண்டு பக்கமும் ஒரே கம்பியாக வளைந்திருக்கும், அதற்கும் ஆகாது. இடது கிராங்கின் பக்கவாட்டில் இரண்டு சின்ன போல்ட் அடுத்தடுத்து இருந்தால் அது புது வகை, அதற்கு இந்தப் புல்லர் தேவையில்லை.

ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது

அச்சின் முனை சதுரமாக இருக்கும், அந்தச் சதுரத்தின் ஒவ்வொரு பக்கமும் 2 டிகிரி அளவுக்கு வெளிப்பக்கம் ஒடுங்கும். கிராங்கில் உள்ள ஓட்டையும் அதே சரிவில் இருக்கும். போல்ட்டை முறுக்க முறுக்க கிராங்க் அந்தச் சரிவில் ஆப்பு மாதிரி ஏறி இறுகுகிறது. ஏறிய பிறகு போல்ட்டையே எடுத்துவிட்டாலும் பிடி அப்படியே நிற்கும். இதோடு மழைத் தண்ணீரும் கடல் காற்றும் சேர்ந்தால், அலுமினிய கிராங்குக்கும் இரும்பு அச்சுக்கும் நடுவில் வெள்ளைப் பொடியாகத் துரு பூத்து இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

சுத்தியலால் பின்பக்கமிருந்து அடித்தால் அந்த அடி நேராகப் போய்ச் சேர்வது அச்சைத் தாங்கும் பேரிங்குக்கு. குண்டுகள் ஓடும் பாதையில் சின்னச் சின்னக் குழி விழும், அப்புறம் பெடல் மிதிக்கும்போது ஒரு கரகரப்பு வந்துவிடும். வலது பக்கம் அடித்தால் பல்சக்கரம் கோணும். கிராங்க் வந்தே தீர்ந்தாலும் இந்தச் செலவு பின்னால் வரும்.

புல்லர் எப்படி வேலை செய்கிறது

இரண்டு பாகம். வெளியே மரை போட்ட ஒரு குழாய், அது கிராங்கின் வாயில் திருகி ஏறும். உள்ளே ஒரு திருகு, அதன் நுனி அச்சின் முனையைத் தள்ளும். திருகு அச்சைத் தள்ள, குழாய் கிராங்கை இழுக்க, இரண்டும் பிரியும். அதாவது மொத்த விசையும் கிராங்கின் மரையில் தான் தொங்குகிறது. இந்த மரை 22 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும். அலுமினியத்தில் வெட்டிய மெல்லிய மரை. மற்ற எல்லாக் கவனமும் இதைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

வாங்கும்போது திருகின் நுனியைப் பாருங்கள். சதுர அச்சுக்கு ஏறக்குறைய 11 மி.மீ. அளவுள்ள சின்ன நுனி வேண்டும். குழாய் போன்ற அகன்ற அச்சு வகைகளுக்கு 16 மி.மீ. பெரிய நுனி கொடுப்பார்கள். அதைப் போட்டால் நுனி சதுர ஓட்டைக்குள் நுழையாமல் கிராங்கையே தள்ளும், நீங்கள் முறுக்கும் பலம் எல்லாம் மரையைப் பிடுங்குவதில் போய் முடியும். சில புல்லர்களில் இரண்டு நுனியும் மாற்றிப் போடும்படி வரும்.

வேலையை ஆரம்பிக்கலாம்

திருவான்மியூரில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு நண்பர் வீட்டு சைக்கிளை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மழைக்காலம் முழுக்க வெளியே நின்ற சைக்கிள், இடது கிராங்க். யாரோ ஏற்கெனவே பின்பக்கம் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்த தழும்பு இருந்தது.

வலது பக்கம் கழற்றுவதாக இருந்தால் செயினைப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றிவிடுங்கள். ஸ்பேனர் வழுக்கினால் விரல் பல்லில் போய் இடிக்காது. பிளாஸ்டிக் மூடி இருந்தால் நெம்பி எடுங்கள். உள்ளே பெரும்பாலும் 14 மி.மீ. தலை போல்ட் அல்லது 8 மி.மீ. ஆலன் கீ போல்ட் இருக்கும். 14 என்றால் குழிக்குள் இறங்கும் பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும். இரண்டு பக்கமும் வழக்கமான மரைதான், இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடது பெடலின் மரை தலைகீழ் என்று கேள்விப்பட்டு இங்கேயும் எதிர்ப்பக்கம் முறுக்குகிறவர்கள் உண்டு. பெடலுக்கு மட்டும்தான் அந்தக் கதை.

போல்ட் வந்ததும் அவசரப்படாமல் செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். சதுரமான அச்சு முனையும் அதன் நடுவில் போல்ட் ஓட்டையும் தெரிய வேண்டும். அதற்குப் பதிலாக வட்டமாக ஒரு வளையம் தெரிந்தால் அது வாஷர். கிரீஸும் அழுக்கும் சேர்ந்து கிராங்கின் நிறத்திலேயே உட்கார்ந்திருக்கும், போல்ட்டோடு வந்துவிட்டது என்று நினைத்துவிடுவோம். புதியவர்கள் மரையைக் கெடுக்கும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். வாஷரை விட்டுவிட்டுப் புல்லரைப் போட்டால், நுனி வாஷரைத் தள்ளும், வாஷர் கிராங்கைத் தள்ளும், கிராங்க் எங்கேயும் போகாது. நண்பர் சைக்கிளிலும் வாஷர் உள்ளேதான் இருந்தது. மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினோம், வந்தது.

அடுத்து மரையைச் சுத்தம் செய்யுங்கள். பழைய டூத் பிரஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மணல் ஒரு துகள் இருந்தாலும் குழாய் கோணலாக ஏறும்.

இப்போது புல்லரின் உள் திருகை முழுதாகப் பின்னால் சுற்றி விடுங்கள், நுனி குழாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டியிருந்தால் குழாய் பாதி ஏறும்போதே நுனி அச்சில் முட்டிவிடும், குழாய் இறுகிவிட்டது என்று ஏமாந்துபோவோம். குழாயைக் கையால் மட்டும் திருகுங்கள், ஸ்பேனர் இப்போது வேண்டாம். சுற்றுகளை எண்ணுங்கள். குறைந்தது ஐந்தாறு சுற்றாவது தடையில்லாமல் போக வேண்டும். ஒன்றரைச் சுற்றிலேயே பிடித்தால் மரை கோணலாகக் கடித்திருக்கிறது. வெளியே எடுத்து, முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றி, 'டக்' என்று மரை விழும் இடத்தை விரலில் உணர்ந்து, அங்கிருந்து மறுபடி ஏற்றுங்கள். அடி வரைக்கும் போனபின் ஸ்பேனரால் லேசாக ஓர் இறுக்கு, அவ்வளவுதான்.

உள் திருகை வலஞ்சுழியாகக் கையால் சுற்றுங்கள். நுனி அச்சைத் தொடும் இடம் தெரியும். இனி ஸ்பேனர். கிராங்கை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஸ்பேனரைக் கிராங்குக்குச் சற்றுப் பக்கத்தில் வரும்படி மாட்டி, இரண்டையும் சேர்த்துக் கைக்குள் நெருக்குவது போல முறுக்கினால் பலம் கட்டுக்குள் இருக்கும். சாதாரண கிராங்க் என்றால் முக்கால் சுற்று, ஒரு சுற்றில் 'டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம் திருகு இலகுவாகிவிடும். சத்தம் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஆப்பு விடுபட்ட சத்தம்.

சத்தமே வரவில்லை என்றால்

பலத்தைக் கூட்டுவதற்கு முன் குழாயின் விளிம்பைப் பாருங்கள். கிராங்குக்கும் குழாய்க்கும் நடுவில் இடைவெளி விரிகிறதா, குழாய் கொஞ்சம் சாய்கிறதா, முறுக்கும்போது மெத்தென்று போகிறதா? மூன்றில் எது நடந்தாலும் மரை பிய்ந்துகொண்டிருக்கிறது, உடனே நிறுத்துங்கள். உள் திருகை முதலில் தளர்த்திய பிறகுதான் குழாயைக் கழற்ற வேண்டும்.

குழாய் ஆடாமல் திருகு மட்டும் கல் மாதிரி நின்றால் நல்ல செய்தி. மரை தாங்குகிறது, துருதான் விடவில்லை. நண்பர் சைக்கிளில் அப்படித்தான். திருகை ஒரு கை பலத்துக்கு இறுக்கி, அந்த இழுப்பை அப்படியே வைத்துவிட்டு, கிராங்குக்குப் பின்னால் அச்சு உள்ளே போகும் விளிம்பில் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து இரவு முழுக்க விட்டோம். காலையில் கால் சுற்று கூடப் போனது, ஆனால் விடவில்லை.

அடுத்தது வெந்நீர். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் கிராங்கின் ஓட்டை அச்சைவிட வேகமாகப் பெருக்கும். கிராங்கின் தலையில் பழைய துணியைச் சுற்றி, கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, சூடு அச்சுக்குப் போவதற்குள் திருகை முறுக்கினோம், கையுறையோடு. 'டக்' என்று விட்டது. கேஸ் பர்னரைக் காட்டாதீர்கள். பேரிங்கின் ரப்பர் சீலும் கிரீஸும் உருகும், அலுமினியத்தின் கெட்டித் தன்மையும் போகும்.

மரை ஏற்கெனவே போய்விட்ட கிராங்குக்கு, கார் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் இரண்டு கால் பேரிங் புல்லர் உதவும். இடது பக்கம் கால்கள் கிராங்கின் பின்னால் எளிதாகப் பிடிக்கும், வலது பக்கம் பல்சக்கரம் இடம் கொடுக்காது.

திரும்ப மாட்டும்போது

சதுர ஓட்டையின் நான்கு மூலையையும் டார்ச் வைத்துப் பாருங்கள். மூலை கூர்மையாக இருந்தால் நல்லது. லூஸாக ஓட்டி மூலை உருண்டு போயிருந்தால் அந்த கிராங்க் இனிமேல் நிற்காது, எவ்வளவு இறுக்கினாலும் சில கிலோமீட்டரில் மறுபடி ஆடும், புதியதுதான் வாங்க வேண்டும். துருப்பொடியைத் துடைத்து, கிராங்கைக் கையால் ஏற்றி, போல்ட் மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி, வாஷரோடு 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இல்லை என்றால், 20 செ.மீ. நீளக் கைப்பிடியின் முனையில் ஏறக்குறைய 20 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் அந்தக் கணக்கு வந்துவிடும். ஒரு சின்ன ஓட்டம் போய் வந்தபின் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் மூடியைப் போட்டு மூடிவிடுங்கள். மூடி இல்லாவிட்டால் மழைத் தண்ணீரும் மணலும் நேரே அந்த மரையில்தான் போய் உட்காரும்.