படத்தைத் தொடாமல் சிலேடையை மாற்றுதல்: நகைச்சுவைக் காணொளிக்கு வேற்றுமொழி வசனம் எழுதும் முறை

நகைச்சுவைக் காணொளி ஒன்றின் வசனத்தை வேறு மொழி பேசுபவர்களுக்காகத் திருப்பி எழுதும்போது, பெரும்பாலான வரிகள் அதிகம் தொல்லை தருவதில்லை. அசட்டுத்தனம், பொய், வீண்பெருமை ஆகியவற்றால் எழும் சிரிப்பு எந்த மொழியிலும் ஏறக்குறைய அப்படியே எழும். வேலை நின்றுபோவது, ஒரே சொல்லின் இரு பொருள்களை வைத்து எழுதப்பட்ட வரியில்தான். அந்த இரண்டாம் பொருள் படத்திலும் காட்சியாகப் பதிவாகிவிட்டிருந்தால், சொல்லை மாற்றினால் காட்சி பொருந்தாது, காட்சியை மாற்றவோ நம்மிடம் படப்பிடிப்பு இல்லை. அந்த ஒரு சிக்கலை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மீண்டும் படமெடுக்கும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு இந்த முறை தேவையில்லை. அவர்கள் நகைச்சுவையையே புதிதாக எழுதிக்கொள்ளலாம்.

விளக்கத்திற்காக 40 விநாடி ஓடும் ஓர் ஆங்கிலக் காணொளியை வைத்துக்கொள்வோம். மேலாளர் ஒரு தாளை நீட்டி, நாளைக்குள் இதை ‘ஃபைல்’ செய் என்கிறார். அடுத்த காட்சியில் ஊழியர் அந்தத் தாளை இரும்பு அரத்தால் மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஆங்கிலத்தில் கோப்புக்கும் அரத்துக்கும் அதே சொல்தான். மேலாளர் எட்டிப் பார்த்து முடிந்ததா என்று கேட்க, ‘ரஃப் டிராஃப்ட்’தான் ஆகியிருக்கிறது என்கிறார் ஊழியர். அதாவது முதல் வரைவு என்றும் சொரசொரப்பு என்றும் இரு பொருள். பக்கத்து இருக்கைக்காரர் தாளைத் தடவிப் பார்த்து ‘ஸ்மூத்’ என்கிறார். கடைசியில் மேலாளர் கையை நீட்டி ‘ஃபைல்’ எங்கே என்று கேட்க, அவர் உள்ளங்கையில் அரம் வந்து விழுகிறது.

முதல் படி: அட்டவணை

இதற்குச் சிறப்பு மென்பொருள் எதுவும் வேண்டாம். சப்டைட்டில் மென்பொருள்களில் நேரடியாக எழுதத் தொடங்குவதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் அவை ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பார்க்கப் பழக்கிவிடுகின்றன. சிலேடையோ பல வரிகளைக் கோத்துக்கொண்டு நிற்பது. சாதாரண விரிதாளில் நேரம், பேசுபவர், மூல வசனம், திரையில் தெரிவது, அந்த வரி செய்யும் வேலை என்று ஐந்து பத்திகள் போட்டுக்கொண்டால் போதும். கடைசிப் பத்தியை மட்டும் பொறுமையாக நிரப்புங்கள். மேற்சொன்ன காணொளியில் முதல் வரி விதைக்கிறது, கடைசி வரி அறுக்கிறது, நடுவில் உள்ள இரண்டும் சிரிப்பை ஆறவிடாமல் வைத்திருக்கின்றன. ஆகவே முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் தமிழில் ஒரே வினைச்சொல் அமைய வேண்டும். நடு வரிகளில் நமக்குச் சுதந்திரம் உண்டு.

இரண்டாம் படி: சொல்லிலிருந்து அல்ல, காட்சியிலிருந்து தேடுங்கள்

புதிதாக எழுதுபவர்கள் நெடுநேரம் சிக்கிக்கொள்வது இங்கேதான். மூலச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று கேட்டால் ‘கோப்பு’ கிடைக்கும், ‘அரம்’ கிடைக்கும், இரண்டையும் இணைக்கும் பாலம் ஒருபோதும் கிடைக்காது. கேள்வியையே மாற்றுங்கள். மூல வசனத்தை மறைத்துவிட்டு, ஒலி இல்லாமல் படத்தை ஓட்டி, கண்ணுக்குத் தெரிவதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: “ஒருவர் தாளை அரத்தால் தேய்க்கிறார்.” பிறகு அந்தச் செயலைக் குறிக்கத் தமிழில் உள்ள வினைகளை எல்லாம் வரிசையாக எழுதுங்கள். தேய், உரசு, ராவு, இழை, மெருகேற்று, தீட்டு. இப்போது ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில், ஓர் அலுவலகத்தில் அதே வினை வேறு எந்தப் பொருளில் புழங்குகிறது என்று எழுதிப் பாருங்கள்.

‘தேய்’ என்பதற்கு ஓடாய்த் தேய்வது நினைவுக்கு வரும், ஆனால் அதை ஒரு கட்டளையாகச் சொல்ல முடியாது. ‘உரசு’ என்றால் இருவருக்கிடையே மனக்கசப்பு; தாளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘மெருகேற்று’ முதலில் ஆசை காட்டும், ஏனெனில் அறிக்கைக்கும் மெருகேற்றுவார்கள், உலோகத்துக்கும் மெருகேற்றுவார்கள். ஆனாலும் நான் அதை எடுக்க மாட்டேன். அதன் இரு பொருள்களும் ஒன்றின்மேல் ஒன்று படியும் அளவுக்கு நெருக்கமானவை என்பதால், காட்சி மாறும் கணத்தில் பார்ப்பவருக்குத் திடுக்கிடல் இருக்காது. ‘தீட்டு’ அப்படியல்ல. திட்டம் தீட்டுவது தலையால் செய்யும் வேலை, கத்தி தீட்டுவது கையால் செய்யும் வேலை; இரண்டும் வெகுதொலைவில் இருக்கின்றன, இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. கத்தியைச் சாணையில்தானே தீட்டுவார்கள் என்று யாராவது கேட்கலாம். ரம்பத்தின் பற்களை அரத்தால்தான் கூர்மையாக்குகிறார்கள். “அரம்போலும் கூர்மையர்” என்று குறளும் சொல்கிறது. ஆகவே அரத்தையும் கூர்மையையும் சேர்த்து நினைப்பது தமிழ்க் காதுக்குப் புதிதல்ல.

இந்தத் தேடலில் அகராதி உதவும். நான் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையே முதலில் திறப்பேன், ஏனெனில் அது இன்றைய வழக்கில் உள்ள பொருள்களை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு தருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி இலக்கிய வழக்கையும் சேர்த்துத் தருவதால், பார்ப்பவர் யாருக்கும் தெரியாத ஒரு பழம்பொருளில் நாம் மயங்கிவிட வாய்ப்பு உண்டு. அகராதியைப் பார்த்தால்தான் புரியும் சிலேடை, காணொளியில் செத்த சிலேடை.

மூன்றாம் படி: வேண்டாத மூன்றாம் பொருளைத் துரத்துதல்

கிடைத்த சொல்லுக்கு இரண்டு பொருள்தான் என்று நம்பிவிடக் கூடாது. ‘தீட்டு’ என்று ஏவலாக நிறுத்தினால், தமிழில் அது விலக்கையும் அசுத்தத்தையும் குறிக்கும் பெயர்ச்சொல்லாகவும் காதில் விழும். சிரிப்பு தவறான இடத்திற்குப் போகும், சிலருக்கு வருத்தமாகவும் இருக்கும். வினையின் வடிவத்தை மாற்றினாலே இது தீர்ந்துவிடுகிறது: “தீட்டிடு”, “தீட்டிக் குடு”, “தீட்டினே” ஆகியவற்றில் அந்தப் பெயர்ச்சொல் எட்டிப் பார்ப்பதில்லை. எனவே முதல் வரி இப்படி அமையும்: “இந்தத் திட்டத்தை நாளைக்குள்ள தீட்டிடு.”

இந்த வரியில் சொற்களின் வரிசையையும் கவனியுங்கள். படத்தில் வெட்டு விழுந்து அரம் தோன்றும் கணத்திற்குச் சற்று முன்னால் வினை ஒலித்திருக்க வேண்டும். தமிழில் வினை இயல்பாகவே வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்பதால் இது நமக்குச் சாதகம்; “தீட்டிடு நாளைக்குள்ள” என்று திருப்பிப் போட்டால், அந்த ஒரு சொல் தேவையில்லாமல் நடுவில் நின்று சிரிப்பைத் தாமதப்படுத்தும்.

இன்னொரு தடையும் உண்டு. பேச்சில் பெரும்பாலோர் ‘பிளான் போடு’ என்பார்களே தவிர, ‘திட்டம் தீட்டு’ என்பதில்லை. ஆகவே அந்த வரி தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால், ஏதோ வரப்போகிறது என்று பார்ப்பவர் மோப்பம் பிடித்துவிடுவார். வரியை மாற்றாமல் ஆளை மாற்றலாம்: காணொளியின் தொடக்கத்தில் மேலாளர் சொல்லும் காலை வணக்கத்தை “அனைவருக்கும் இனிய காலை வணக்கம்” என்று மேடைத்தமிழில் எழுதிவிட்டால், அவர் இப்படிப் பேசுபவர்தான் என்பது நிலைபெற்றுவிடும். அதன்பின் ‘தீட்டிடு’ உறுத்தாது.

நான்காம் படி: அறுவடையும் நடுவரிகளும்

கடைசி வரியில் மேலாளர் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார் என்பதைப் படம் கட்டாயமாக்குகிறது. ‘கோப்பு எங்கே’ என்று எழுதினால் அரம் வருவதற்குக் காரணமே இல்லை. “எதை வெச்சுய்யா இதைத் தீட்டினே? காட்டு!” என்று எழுதினால், அவர் கேட்பது திட்டத்துக்கு அடிப்படையான கணக்கை, ஊழியருக்குப் புரிவது கருவியை, ‘காட்டு’ என்ற சொல் நீட்டிய கையை நியாயப்படுத்துகிறது. ஊழியருக்கு வசனமே வேண்டாம். மூலத்தில் அவர் வாய்திறக்காத இடத்தில் நாமும் திறக்க வேண்டியதில்லை.

‘ரஃப் டிராஃப்ட்’ வரியைக் காப்பாற்ற முயல வேண்டாம். “இன்னும் கூர் வரலை சார்” என்பது தீட்டுவதோடு சேர்ந்துகொள்கிறது, அவ்வளவு போதும். ‘ஸ்மூத்’ என்ற வரிக்கோ எதிர்பாராத லாபம் இருக்கிறது. தாளைத் தடவிப் பார்க்கும் சக ஊழியர் “வழவழன்னு இருக்கு” என்றால், தொடுவதற்கு வழவழப்பு என்றும், தெளிவில்லாமல் வழவழா கொழகொழா என்று எழுதப்பட்டது என்றும் இரண்டு பொருளும் வரும். மூலத்தில் பாராட்டாக இருந்தது இங்கே பாதி நக்கலாகிவிடுகிறதே என்று கேட்கலாம். அந்தப் பாராட்டை நம்பிக் கதையில் பின்னால் ஏதாவது நடந்தால் இதைச் செய்யக் கூடாது. இங்கே ஒன்றும் நடப்பதில்லை என்பதால் செய்யலாம். நேரம்தான் இடிக்கும். அவருடைய முகம் நெருக்கக் காட்சியில் நேராகத் தெரிந்தால், மூலத்தின் ஒற்றை அசைக்கு எதிராக இத்தனை அசைகள் உதட்டில் பொருந்தாது. அப்போது “வழவழ…” என்று இழுத்து நிறுத்துங்கள். தாளைக் குனிந்து பார்க்கும் காட்சியாக இருந்தால் முழு வரியும் கொள்ளும். எழுத்துகளை எண்ணி நீளம் பார்ப்பது தமிழுக்கு உதவாது. படத்தை ஓடவிட்டு, நடிப்போடு உரக்கப் படித்துத்தான் பார்க்க வேண்டும்.

திட்டம், தீட்டு ஆகியவற்றோடு ‘திட்டு’ம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால், மேலாளர் கடைசியில் திட்டுவதாக இன்னொரு வரி சேர்க்கத் தோன்றும். என் கருத்தில் அது வேண்டாம். அரம் கையில் விழுந்த பிறகு வரும் எந்த வசனமும் சிரிப்பின்மேல் ஏறி மிதிக்கும். மூலத்தில் தமிழாக்க முடியாமல் ஒரு சிலேடை வேறெங்காவது விழுந்திருந்தால், அந்த இடத்துக்கு ஈடாக இதை வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: இரண்டு முறை சோதனை

மூலத்தைப் பார்க்காத ஒருவருக்கு முதலில் ஒலியை மட்டும் கேட்கக் கொடுங்கள். விதைக்கும் வரி அவருக்குச் சாதாரண அலுவலகப் பேச்சாகத் தோன்ற வேண்டும்; “ஏன் இப்படிச் சொல்கிறார்?” என்று கேட்டால் அந்த வரி இன்னும் சரியாகவில்லை. பிறகு படத்தோடு காட்டுங்கள். அரம் தோன்றியதும் சிரித்தால் சிலேடை வேலை செய்கிறது. சில நொடி கழித்துச் சிரித்தால், வினைக்கும் வெட்டுக்கும் இடையே ஏதோ ஒரு சொல் கூடுதலாக இருக்கிறது. அரத்தைப் பார்த்து மட்டும் சிரித்து, கடைசிக் காட்சியில் சிரிக்காவிட்டால், இடைப்பட்ட வரிகளில் ‘தீட்டு’ மறந்துபோயிருக்கிறது என்று பொருள். அப்போது மேலாளர் எட்டிப் பார்க்கும் இடத்தில் “தீட்டிட்டியா?” என்று ஒருமுறை நினைவூட்டினால் சரியாகிவிடும்.

பின்சேர்க்கை: ‘ஃபைல்’ என்ற சொல்லே தமிழ்ப் பேச்சில் இருக்கிறதே, அதை அப்படியே வைத்தால் என்ன என்று சிலர் கேட்டிருந்தார்கள். கோப்பு என்ற பொருளில் அது எல்லோருக்கும் தெரியும். கருவி என்ற பொருளில், பட்டறையில் வேலை செய்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது ‘அரம்’தான். இரண்டாம் பொருள் பாதிப் பேருக்கு எட்டாத சொல்லை வைத்தால், அவர்களுக்குத் திரையில் தெரிவது காரணமில்லாமல் தாளைத் தேய்க்கும் ஒரு மனிதர் மட்டுமே. கடன்சொல்லை வைத்துக்கொள்வதற்கு முன், அதன் எந்தெந்தப் பொருள்கள் தமிழுக்குள் வந்திருக்கின்றன என்று தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள். ஒரு சொல் கடனாக வரும்போது பெரும்பாலும் ஒரு பொருளோடு மட்டுமே வருகிறது.