முதல் இந்தியப் பாஸ்போர்ட்: பொலிஸ் விசாரணைக்கு எதை ஆயத்தமாக வைத்திருப்பது?

எங்கள் வவுனியாப் பக்கத்தில், அகதியாகப் போய் தமிழ்நாட்டில் கலியாணம் முடித்து, பிறகு தனியாகத் திரும்பி வந்தவர்கள் கனபேர். மனைவி இந்தியப் பிரசை. அவரை இங்கே கூப்பிட முதலில் அவருக்குப் பாஸ்போர்ட் வேண்டும். நானும் அப்படித்தான். மனைவியின் முதல் விண்ணப்பம் பொலிஸ் விசாரணையில் தடக்கி நின்று, பிறகுதான் சரி வந்தது. அந்த ஒரு கட்டத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன். படிவம் நிரப்புவது, பணம் கட்டுவது, நாள் எடுப்பது எல்லாம் passportindia.gov.in தளத்தில் தெளிவாகவே இருக்கின்றன.

இங்கே நாங்கள் பாஸ்போர்ட் எடுக்கும்போது பொலிஸ் வீட்டுக்கு வருவதில்லை. அதனால் அங்கே அது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு உறைக்கவில்லை. சாதாரண முறையில் முதல் பாஸ்போர்ட் கேட்டால், பெரும்பாலும் பொலிஸ் அறிக்கை வந்த பிறகுதான் புத்தகம் அச்சாகும். தட்கல் முறையில் பல வேளை புத்தகம் முதலில் வரும், விசாரணை பிறகு நடக்கும். எந்த முறையானாலும் விசாரணை இருக்கிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

கோப்பு எப்படிப் போகிறது

பாஸ்போர்ட் சேவை மையத்தில் ஆவணம் பார்த்து, படமும் கைரேகையும் எடுத்து முடித்ததும் ஒரு ரசீது தருவார்கள். அதில் 15 எழுத்தும் எண்ணும் கொண்ட கோப்பு எண் இருக்கும். அங்கிருந்து கோப்பு மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கோ மாநகரமென்றால் கமிஷனர் அலுவலகத்துக்கோ கணினி வழியாகப் போய், பிறகு உங்கள் வீடு இருக்கும் காவல் நிலையத்துக்கு இறங்கும். தளத்தில் Track Application Status என்ற இடத்தில் கோப்பு எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால் கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரியும். குறுஞ்செய்தியை நம்பி இருக்காமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை இதைப் பாருங்கள். மனைவி அங்கே, நான் இங்கே. கோப்பு எண் கையில் இருந்தபடியால் வவுனியாவில் இருந்தே பார்க்க முடிந்தது.

வரும் அலுவலர் பார்ப்பது மூன்று விசயம். விண்ணப்பித்தவர் அவர்தானா, அந்த முகவரியில் உண்மையாகவே இருக்கிறாரா, அவர் மேல் வழக்கு ஏதும் உண்டா. பிரசாவுரிமையில் சந்தேகம் வந்தால் அதையும் கிண்டுவார்.

எங்களுக்குத் தடக்கிய இடம்

படிவத்தை நான்தான் இங்கிருந்து நிரப்பினேன். கைப்பேசி எண் கேட்ட இடத்தில், தமிழ்நாட்டில் இருந்தபோது நான் பாவித்த பழைய எண்ணைப் போட்டுவிட்டேன். அந்த சிம் எப்போதோ செயலிழந்து போயிருந்தது. மனைவி தன் தாய் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தா. அலுவலர் அந்த எண்ணுக்கு எடுத்திருக்கிறார், இணைப்புக் கிடைக்கவில்லை. நேரே வந்தார், வீடு பூட்டு. மனைவியும் மாமியும் அக்கா வீட்டில் பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறா: "அந்தப் பொண்ணு புருஷன் சிலோன்காரருங்க சார். அங்கதான் போயிருக்கும்."

பாஸ்போர்ட்டே இல்லாதவள் எப்படி இலங்கைக்கு வந்திருக்க முடியும்? ஆனால் அறிக்கையில் ஏறியது, 'கொடுத்த முகவரியில் வசிக்கவில்லை' என்பதுதான். பாதகமான அறிக்கை என்று பாஸ்போர்ட் அலுவலகத்தில் இருந்து விளக்கம் கேட்டுத் தபால் வந்தது.

மனைவி பதறி முதலில் ஓடியது காவல் நிலையத்துக்கு. இதுதான் எல்லோரும் செய்யும் பிழை. அறிக்கையை அனுப்பிய பிறகு நிலையத்தில் அதை மாற்ற முடியாது. பாஸ்போர்ட் அலுவலகம் மறுபடி அனுப்பினால்தான் அவர்கள் திரும்ப விசாரிக்கலாம். ஆகவே வட்டாரப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் நேரில் விசாரிக்க நாள் எடுத்து, வந்த கடிதம், ஆதார், சமையல் எரிவாயுப் புத்தகம், ஒரு பக்க விளக்கக் கடிதம் ஆகியவற்றோடு போனா. கடிதத்தில் எழுதியது இவ்வளவுதான்: அந்த நாட்களில் அக்காவின் பிரசவத்துக்காக வெளியூரில் இருந்தேன், நிரந்தரமாக இந்த முகவரியில்தான் இருக்கிறேன், சரியான கைப்பேசி எண் இது, மறுவிசாரணைக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். கோப்பு திரும்பவும் நிலையத்துக்குப் போனது.

இரண்டாம் முறை எப்படி நடந்தது

இந்த முறை அலுவலர் போன் எடுத்துவிட்டே வந்தார். வாசலில் நின்று கதவிலக்கத்தைப் பார்த்து, "ஆதார்ல 14, இங்க 31ன்னு இருக்கேம்மா?" என்று கேட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு இலக்கம் இருப்பது வழமை. வீட்டு வரி ரசீதில் இரண்டும் இருந்ததால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது. உங்கள் வீட்டுக்கும் இப்படி இருந்தால் படிவத்தில் இரண்டையும் எழுதுங்கள்.

பிறகு கேட்டது கணவனைப் பற்றி. மனைவி எதையும் ஒளிக்கவில்லை. கலியாணப் பதிவுச் சான்றிதழ் நகலையும் என் இலங்கைப் பாஸ்போர்ட் நகலையும் கொடுத்தா. தான் இந்தியப் பிரசை என்பதற்குத் தன் பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், வாக்காளர் அட்டை, தாய் தகப்பனின் வாக்காளர் அட்டை நகல்கள். முகாம் முகவரியில் ஆதார் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அந்த முகவரியைப் பார்த்ததும் நீங்களும் அகதியோ என்ற கேள்வி வரும். விண்ணப்பத்துக்கு முன்பே, உண்மையாக இருக்கும் வீட்டு முகவரிக்கு ஆதாரை மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, அயலில் இரண்டு பேரின் பெயரும் கையெழுத்தும் கேட்டார். அதே பக்கத்து வீட்டு அம்மாதான் முதல் சாட்சி! உங்கள் அயலவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: இன்னார் விசாரிக்க வருவார், நான் இங்கேதான் இருக்கிறேன், இல்லாவிட்டால் இந்த எண்ணுக்கு எடுங்கள் என்று.

எல்லா நகலையும் இரண்டு தொகுதியாக, இரண்டு படங்களும் சேர்த்து, ஒரு ஃபைலில் போட்டு வாசல் அறையில் வைத்திருக்கச் சொன்னேன். கைப்பேசியில் படமாக வைத்திருப்பதை நான் விரும்புவதில்லை. அலுவலர் வந்து நிற்கும்போது நகல் கடை தேடி ஓட முடியாது. மூலப் பிரதிகளைக் காட்டுங்கள், கையில் கொடுத்துவிட வேண்டாம்.

விசாரணைக்கென்று தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. விண்ணப்பக் கட்டணத்தோடு அந்தச் செலவு முடிந்தது.

பிறகு சேர்த்தது

கிளிநொச்சியில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார்: மனைவிக்கு எடுப்பது போலவே, அங்கே பிறந்த பிள்ளைக்கும் எடுக்கலாமா? அப்படி எண்ணிப் படிவம் போட்டுவிடாதீர்கள். 2004 டிசம்பர் 3 முதல் இந்தியாவில் பிறந்த பிள்ளைக்குத் தாய் மட்டும் இந்தியப் பிரசையாக இருந்தால் போதாது. தகப்பன் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கவும் கூடாது. படகில் போன எங்களுக்கு அந்த வரி பெரிய சிக்கல். பிள்ளைக்கு இலங்கைப் பிரசாவுரிமைப் பதிவு செய்ய, சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தை முதலில் அணுகுங்கள்.

இன்னொருவர், மச்சாள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறா, எந்த முகவரியைக் கொடுப்பது என்று கேட்டார். அவ இந்தியப் பிரசையென்றால், கல்லூரியின் படிப்புச் சான்றிதழோடு விடுதி முகவரியையே கொடுக்கலாம். ஆனால் விடுதி வார்டனுக்கும் முதலே சொல்லி வைக்க வேண்டும். செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டாம்.