போர்வெல் தண்ணீரில் துவைத்த வெள்ளைத் துணியில் செங்கறை: எடுப்பது எப்படி, தடுப்பது எப்படி

வெள்ளைச் சட்டை, வேட்டி, பெட்ஷீட் எல்லாம் நாலைந்து துவைப்பில் மங்கிச் செம்மஞ்சளாகிறதா? ஆங்காங்கே துருப்பொட்டும் விழுகிறதா? சோப்பை மாற்றிப் பயன் இல்லை. பிளீச் ஊற்றினால் இன்னும் மோசமாகும். இது அழுக்கு அல்ல, இரும்பு. இரும்பைத் துணியில் ஒட்ட வைப்பது சோப்பின் காரமும் பிளீச்சும். அதைக் கழற்றுவது அமிலம். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த அடிப்படையில்தான்.

முதலில்: கறை எங்கிருந்து வருகிறது?

ஒரு வெள்ளை பக்கெட்டை எடுத்து, மோட்டார் ஓடும்போது போர்வெல் குழாயிலிருந்து நேராக நிரப்புங்கள். மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் வேண்டாம். பிடித்தவுடன் தெளிவாக இருந்து, மறுநாள் காலையில் செம்மஞ்சளாகி அடியில் படிவு தங்கினால், தண்ணீரில் கரைந்த இரும்பு இருக்கிறது. நிலத்தடியில் காற்றுப் படாமல் இருக்கும்வரை அது நிறமில்லாமல் கரைந்திருக்கும். காற்றுப் பட்டதும் துருவாகத் திரிந்து படியும்.

வீட்டுக் குழாயில் பிடிக்கும்போதே சிவப்பாக வந்தால் காரணம் வேறாக இருக்கலாம்: பழைய ஜி.ஐ. குழாயின் துரு, அல்லது தொட்டி அடியில் சேர்ந்த வண்டல். அப்படியென்றால் தொட்டியைக் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள். மோட்டார் ஓடும்போது வண்டல் கலங்கும், அந்த நேரத்தில் துவைக்காமல் இருந்தாலே கறை ஓரளவு குறையும்.

இன்னொரு சோதனை: பால் சேர்க்காத கெட்டியான டீ டிகாக்ஷனில் கொஞ்சம் போர்வெல் தண்ணீரை ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். கருநீலமாக, மைபோல் இருண்டால் இரும்பு நிறையவே இருக்கிறது. சரியான அளவு தெரிய வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியில் கறை பிடிக்கத் தொடங்கும்.

வேண்டிய பொருட்கள்

எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையிலேயே கிடைக்கும். முதலில் இதைத்தான் பயன்படுத்தச் சொல்வேன். மெதுவாக வேலை செய்யும், ஆனால் துணியைக் கெடுக்காது, வீட்டில் வைத்திருக்கவும் பயமில்லை.

ஆக்சாலிக் ஆசிட். ஹார்டுவேர் கடையில் கேளுங்கள். மொசைக் தரை பாலிஷ் போடுபவர்கள் வாங்குவது இதுதான். இரும்பை வேகமாக எடுக்கும், ஆனால் விஷம். சிட்ரிக்கில் போகாத பொட்டுகளுக்கு மட்டும் போதும். ரப்பர் கையுறை கட்டாயம். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதி வையுங்கள்.

பிளாஸ்டிக் பக்கெட். இரும்பு வாளியும் தகர வாளியும் ஆகாது.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் துணியிடம் கொண்டு போகவே வேண்டாம். கறை போகும், பருத்தி நூலும் போகும்.

இந்தப் பட்டியலில் பலரும் விட்டுவிடுவது நல்ல தண்ணீர். மழைநீர், கார்ப்பரேஷன் தண்ணீர், 20 லிட்டர் கேன் எதுவும் சரி. லாரித் தண்ணீர் பெரும்பாலும் இன்னொரு போர்வெல்லிலிருந்து வருவது, ஆகவே பக்கெட் சோதனை செய்யாமல் நம்பாதீர்கள்.

கறையை எடுத்தல்

ஒரு கிலோவுக்குள் வரும் துணிக்கு அளவு சொல்கிறேன்: இரண்டு பள்ளிச் சட்டை, ஒரு பருத்தி வேட்டி. இதற்கு மொத்தம் இரண்டு கேன் நல்ல தண்ணீர் தேவை.

முதலில் துணியில் ஒட்டியிருக்கும் சோப்பும் பிளீச்சும் போக நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிப் பிழியுங்கள். இந்த அலசலைத் தவிர்க்கக் கூடாது. துணியில் பிளீச் மிச்சமிருந்து அதில் அமிலம் பட்டால் குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து. சோப்பு மிச்சமிருந்தால் அமிலத்தில் ஒரு பங்கு அதை முறிப்பதிலேயே வீணாகும்.

எட்டு லிட்டர் நல்ல தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுட வைத்து, 100 கிராம் எலுமிச்சை உப்பைக் கரையுங்கள். துணி முழுக்க மூழ்க வேண்டும். மேலே மிதக்கும் இடத்தில் திட்டு விழும், ஆகவே ஒரு தட்டைக் கவிழ்த்து அழுத்தி வையுங்கள். மூன்று நான்கு மணி நேரம் விட்டு, நடுவில் இரண்டு தடவை புரட்டுங்கள். தண்ணீர் லேசான மஞ்சளாகிறதா பாருங்கள். அப்படி மாறினால் இரும்பு கழன்று வருகிறது.

பரவலான மங்கல் பெரும்பாலும் இதிலேயே போய்விடும். பொட்டு பொட்டாகத் துரு நின்றால் ஆக்சாலிக். நான்கு லிட்டர் சூடான நல்ல தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி. சன்னல் திறந்திருக்கட்டும், பொடி பறந்து மூக்கில் ஏறாமல் மெதுவாகப் போட்டுக் கரையுங்கள். பொட்டுள்ள பகுதியை மட்டும் 20 நிமிடம் ஊற வையுங்கள், கண்ணெதிரே மங்கும். வேட்டியின் சரிகைக் கரை இதில் படக் கூடாது. கலர் கரையென்றால் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ஆக்சாலிக்கைப் போர்வெல் தண்ணீரில் கரைக்காதீர்கள். உப்புத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புடன் அது சேர்ந்து, கரையாத வெள்ளைப் பொடியாகப் பிரியும். அமிலத்தின் பலம் குறைவதோடு, வெண்மையான படலமும் துணியில் ஒட்டும். 'ஆக்சாலிக் போட்டும் போகவில்லை' என்று சொல்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

பலரும் தவறும் இடம்: அலசல்

கறை போய்ப் பளிச்சென்று இருக்கும் துணியை அடுத்து என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் பலன் நிற்கிறது. வழக்கம்போல் சோப்புப் போட்டுப் போர்வெல் தண்ணீரில் அலசினால் கறை திரும்பி வரும், சில சமயம் அன்றைக்கே.

ஏன் என்றால், சோப்புத்தூள் காரத்தன்மை உள்ளது. காரம் இருந்தால், தண்ணீரில் கரைந்த இரும்பு மிக வேகமாகத் துருவாகித் துணி இழையில் படியும். துவைத்து முடித்த துணியில் சோப்பு மிச்சம் இருக்கும். அதன்மேல் புதிதாக ஒரு பக்கெட் இரும்புத் தண்ணீரை ஊற்றினால் அலசல் தண்ணீரில் உள்ள இரும்பையும் துணியே பிடித்துக்கொள்ளும். அலச அலசக் கறை கூடுகிறது. வெயிலில் காய்ந்து, இஸ்திரிச் சூடும் பட்டால் மிச்சமும் செம்மையாகத் தெரியும்.

அதனால் கறை எடுத்த துணியை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். ஆக்சாலிக் போட்டிருந்தால் அலசாமல் காயப் போடவே கூடாது. தண்ணீர் வற்ற வற்ற அமிலம் கெட்டியாகி இழையைத் தின்னும்.

இனி வராமல் தடுக்க

தினசரித் துவைப்புக்குக் கேன் வாங்கிக் கட்டுப்படியாகாது. இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி எளிது. போர்வெல் தண்ணீரிலேயே துவையுங்கள், ஆனால் கடைசி அலசலில் 20 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு போடுங்கள். துணியில் மிச்சமிருக்கும் காரத்தையும் தண்ணீரின் காரத்தையும் அது முறிக்கும், இரும்பு படியாமல் கரைந்த நிலையில் வெளியேறும். ஐந்து நிமிடம் ஊறினால் போதும். அதற்குப் பிறகு போர்வெல் தண்ணீர் படக் கூடாது, பிழிந்து காயப் போடுங்கள். வெள்ளைக்குப் பிளீச் வேண்டவே வேண்டாம். கறையை நிலைநிறுத்துவதில் அதுதான் முதலிடம்.

நீலம் போடும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க: பொடி நீலத்தை இந்தப் பக்கெட்டில் சேர்க்காதீர்கள். அல்ட்ராமரின் நீலம் அமிலத்தில் நிறம் இழக்கும், அழுகிய முட்டை நாற்றமும் வரும். இரும்பு நீங்கிய தண்ணீரில் தனியாகப் போடுங்கள்.

இரண்டாவது வழி, தண்ணீரைத் தெளிய வைத்துப் பயன்படுத்துவது. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் குழாய் பொருத்துங்கள். போர்வெல் தண்ணீர் உயரத்திலிருந்து சிதறி விழுமாறு நிரப்புங்கள், காற்று கலக்கும். அரை டீஸ்பூன் பிளீச்சிங் பவுடரை ஒரு குவளை தண்ணீரில் கரைத்துத் தெளிந்ததை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். கால் மணி நேரம் கழித்து, ஒரு டீஸ்பூன் படிகாரத்தூளைக் கரைத்துச் சேர்த்து மெதுவாகக் கிளறுங்கள். இரவு முழுவதும் அசைக்காமல் விட்டால் காலையில் சிவப்பு அடியில் தங்கிவிடும். மேல் தண்ணீரை நெருக்கமாக நெய்த துணியில் வடிகட்டிப் பயன்படுத்துங்கள். துணியில் கறை சேர்க்கும் அதே பிளீச்சிங் பவுடர் இங்கே நமக்கு உதவுவது எப்படி என்றால், இரும்பைத் துணியில் படிய வைக்காமல் டிரம்மிலேயே படிய வைக்கிறது.

காலையில் தண்ணீர் இன்னும் லேசாகச் செம்மையாகத் தெரிந்தால் படிகாரம் போதவில்லை, அல்லது தண்ணீர் அமிலத்தன்மையாக இருக்கிறது. அமிலத்தன்மையில் இரும்பு துருவாக நேரம் எடுக்கும், இன்னொரு நாள் விட்டுப் பாருங்கள். ஃப்ளஷ் டேங்க் சுவரில் வழவழப்பான பழுப்புப் பசை இருந்தால் இரும்புப் பாக்டீரியா இருக்கிறது. அதற்குப் போர்வெல்லிலேயே குளோரின் போட வேண்டும், போர் போட்ட ஆளை அழைப்பது நல்லது.

பின்சேர்க்கை: கருத்துப் பகுதியில் வந்த இரண்டு கேள்விகள்

வாஷிங் மெஷினில் எலுமிச்சை உப்பு போடலாமா? கடைசி ரின்ஸில், கரைத்து ஊற்றலாம். சாஃப்ட்னர் அறையில் ஊற்றினால் அந்த நேரத்தில் தானே எடுத்துக்கொள்ளும். அறை கொள்ளும் அளவுக்குக் கரைசலைக் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள். ஆக்சாலிக்கை மெஷினில் போடாதீர்கள். தண்ணீர் வரும் குழாய்முனையில் உள்ள சிறு வலையைக் கழற்றிப் பாருங்கள், பழுப்பாக அடைத்திருக்கும். டிரம் உள்ளே படிந்த செம்மையையும் எடுக்க, துணி போடாமல் சூடான தண்ணீர் சுற்றில் 100 கிராம் சிட்ரிக்குடன் ஒருமுறை ஓட விடுங்கள். இல்லாவிட்டால் சுத்தமான துணிக்கு மெஷினே கறை பூசும்.

வாட்டர் சாஃப்ட்னர் வாங்கினால் சரியாகுமா? அது சுண்ணாம்பு நிறைந்த கடினத் தண்ணீருக்கானது. கரைந்த இரும்பைக் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் துருவான இரும்பு உள்ளே இருக்கும் ரெசினை அடைத்துப் பாழாக்கும். வேண்டியது இரும்பு நீக்கும் ஃபில்டர், அதாவது மாங்கனீசு டைஆக்சைடு பூசிய மணல் உள்ளது. சாஃப்ட்னரும் வேண்டுமென்றால் இதற்கு அடுத்து வையுங்கள். வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: தண்ணீரை எதிர்த்திசையில் செலுத்தி மணலைக் கழுவும் பேக்வாஷுக்குத் தேவையான தண்ணீர் வேகம் உங்கள் மோட்டாரால் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் பிடித்த துரு வெளியே போகாமல் மணலிலேயே கட்டியாகும், நாளடைவில் குழாயில் பழைய நிறமே வரும்.