தூவியும் செயற்கை இழையும்: ஈரக் குளிரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணாலிக்கு அருகிலுள்ள ஜோப்ராவில் தொடங்கி, ஏறத்தாழ 4,270 மீட்டர் உயரமுள்ள ஹம்ப்டா கணவாயைக் கடந்து, லாஹௌல் பக்கத்துச் சத்ருவில் முடியும் மலையேற்றத்தைப் பெரும்பாலோர் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும் செய்கின்றனர். கணவாய்க்கு இப்புறம் பருவமழை. அப்புறம் மழை மறைவுப் பகுதியாகிய வறண்ட நிலம். சிக்காவிலும் பாலூ கா கேராவிலும் கழியும் முதல் இரவுகளில் தூறல் நிற்காது, கூடாரத்தின் உட்சுவர் விடியும்போது நனைந்திருக்கும், வெப்பநிலையோ பூச்சியத்துக்குச் சற்று மேலேயே இருக்கும். உறக்கப்பையையும் குளிர் ஜாக்கெட்டையும் கடுமையாகச் சோதிப்பது இந்தச் சூழல்தான். பனி உறைந்து கிடக்கும் பூச்சியத்துக்குக் கீழ் பத்து டிகிரியில் உடைமேல் விழும் பனித்துகளைத் தட்டிவிட்டால் போதும். இரண்டு டிகிரியில் பெய்யும் மழையைத் தட்டிவிட முடியாது.

இப்பைகளிலும் ஜாக்கெட்டுகளிலும் நிரப்பப்படும் பொருள் இரு வகைப்படும். கடைகளில் ‘டவுன்’ என்று விற்கப்படுவது வாத்தின் வெளியிறகு அன்று. அதற்கு அடியில், நடுத்தண்டு இன்றி, எல்லாத் திசைகளிலும் நுண்ணிழைகள் விரிந்து நிற்கும் தூவி. அன்னத்தூவி பரப்பிய படுக்கை என்று பழந்தமிழ்ப் பாடல்கள் சொல்லும் அதே வகைப் பொருள். ‘சிந்தெடிக்’ என்பது நெளிவு கொடுக்கப்பட்ட மெல்லிய பாலியெஸ்டர் இழை. இரண்டும் தாமாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடலின் வெப்பம் வெளியேறாதபடி, அசையாத காற்றைத் தமக்குள் பிடித்து வைக்கின்றன. ஆகவே பையின் பருமன் குறைந்தால் கதகதப்பும் குறையும்.

ஈரம் பட்டால் தூவியின் பருமன் ஏன் சரிகிறது என்பது இங்கிருந்தே விளங்கும். நீரின் பரப்பு இழுவிசை, மயிரைவிட மெல்லிய அந்த இழைகளை ஒன்றோடொன்று ஒட்டச் செய்கிறது. விரிந்த உருண்டை சுருங்கிக் கட்டியாகிறது. காற்று இருந்த இடத்தில், காற்றைப்போல் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் நீர் வந்து அமர்கிறது. மேலும், தூவி நம் தலைமயிரைப் போன்ற புரதப் பொருளாதலால், மழை படாமலே காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பாலியெஸ்டர் இழை தன் எடையில் ஒரு விழுக்காடு ஈரத்தைக்கூட உறிஞ்சாது. அதன் விறைப்பும் நனைந்தபின் பெருமளவு நிலைக்கிறது. 1980களில் அமெரிக்க ராணுவம் நனைந்தாலும் பயன்படக்கூடிய, தூவிக்கு மாற்றான நிரப்புப் பொருளைத் தேடியபோதுதான் பிரிமாலாஃப்ட் என்ற இழை உருவானது.

இவ்வளவும் அறிந்தவர்கள்கூடச் செய்யும் முதல் தவறு, ஈரம் என்றால் மழை என்று மட்டும் எண்ணுவது. மழையிலிருந்து பையைக் காப்பது எளிது. முதுகுப்பையின் மேல் போடும் மழையுறையை நம்பாமல் (முதுகை ஒட்டிய பக்கம் அதற்கு மூடல் இல்லை, தோள்பட்டை வழியே நீர் இறங்கும்) முதுகுப்பைக்கு உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் சாக்கை விரித்து, உறக்கப்பையை அதற்குள் வைத்து, வாயை முறுக்கிக் கட்டிவிட்டால் போதும். காப்பதற்குக் கடினமான ஈரம், பைக்குள் உறங்குபவரின் உடலிலிருந்து வருவது.

வியர்க்காமல் உறங்கினாலும், எட்டு மணி நேரத்தில் தோல் வழியாக மட்டும் ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. அந்த ஆவி பையின் வெதுவெதுப்பான உட்பகுதியைக் கடந்து வெளியுறையை நோக்கிச் செல்லச் செல்லக் குளிர்கிறது. உறையை ஒட்டிய தூவியில் பனித்துளி போலப் படிகிறது. வறண்ட காற்றில் அதில் பெரும்பகுதி வெளியேறிவிடும். பாலூ கா கேராவின் மூடிய கூடாரத்திலோ வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால் அது பையிலேயே தங்குகிறது. கணக்குக்காகப் பாதி தங்குவதாகக் கொள்வோம். 500 கிராம் தூவி நிரப்பிய, மொத்தம் 1,100 கிராம் எடையுள்ள பை ஒன்று முதல் நாள் காலையில் 50 கிராம் கூடும். அந்த மாற்றம் கைக்குத் தெரியாது. இரண்டாம் இரவும் வசதியாகவே கழியும். இடையில் காயவைக்க வெயில் கிடைக்காவிட்டால் நான்காம் காலையில் தூவியின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 200 கிராம் நீர், பைக்குள் இருக்கும். ஒருதுளி மழைகூடப் படாத பையில் நான்காம் இரவு நடுங்கியவர், பையைத் தயாரித்தவர் ஏமாற்றிவிட்டார் என்று நினைப்பார். லேபிளில் உள்ள வெப்பநிலை, உலர்ந்த நிலையில், உள்ளாடையும் கீழ்விரிப்பும் சேர்த்து, ஆய்வகத்துப் பொம்மையைக் கொண்டு அளக்கப்பட்டது என்பதை அவர் கவனித்திருக்க மாட்டார்.

இதே கணக்கின் தொடர்ச்சிதான், ஈரக் காலுறையையும் நனைந்த பனியனையும் உடல் சூட்டில் காயட்டும் என்று உறக்கப்பைக்குள் எடுத்துச் செல்லும் பழக்கம். காலையில் காலுறை காய்ந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த நீர் எங்கும் மறைந்துவிடவில்லை, பையின் தூவிக்குள் இடம் மாறியிருக்கிறது. தடித்த கம்பளிக் காலுறை ஒரு ஜோடி, ஓர் இரவில் பையில் தங்குவதாகக் கொண்ட ஈரத்துக்கு நிகரான நீரை எளிதில் தாங்கும். குளிருக்குப் பயந்து முகத்தையும் பைக்குள் இழுத்துக்கொண்டு மூச்சு விடுவது இதைவிடப் பெரிய சேதம்; மூக்கும் வாயும் வெளியே இருக்க, தலைக்குக் குல்லாய் அணிவதே சரி. கூடாரத்தின் காற்றுவழியைக் குளிர் கருதி அடைப்பதும், பையின் கால்பகுதி நனைந்த சுவரில் உரசும்படி படுப்பதும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

பை ஈரமாகிவிட்டதா என்பதை அறிய, அதை வெயிலுக்கு எதிரே, அல்லது உள்ளிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அறைகளில் தூவி சீராகப் பரவியிருந்தால் ஒளி மங்கலாக, ஒரே தன்மையில் தெரியும். கரிய கட்டிகளும் அவற்றிடையே வெற்றிடங்களும் தெரிந்தால் ஈரம் ஏறிவிட்டது. எழுந்தவுடன், சூடு ஆறுவதற்கு முன்பே, பையைக் காலிலிருந்து தலைப்பக்கம் சுருட்டி உள்ளே உள்ள ஈரக்காற்றைப் பிதுக்கி வெளியேற்றுவது சிறிய வேலையே என்றாலும் பலன் தரும். அதன்பின் காலையுணவு முடியும்வரை விரித்து வைத்துவிட்டு, கடைசியாகத்தான் அழுத்திக் கட்ட வேண்டும். கணவாயைக் கடந்து ஷியா கோருவிலோ சத்ருவிலோ வெயிலும் வறண்ட காற்றும் கிடைத்தால், பையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி விரித்து, இடையிடையே கட்டிகளை விரல்களால் பிரித்துவிட்டால், இழந்த பருமனில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

ஜாக்கெட்டில் நடக்கும் தவறு வேறு விதமானது. தூவி ஜாக்கெட்டை அணிந்தபடியே ஏற்றத்தில் நடப்பவர்களை ஒவ்வொரு பாதையிலும் காணலாம். சுமையோடு ஏறும் உடல் மிகுந்த வெப்பத்தை உண்டாக்குவதால், அரை மணி நேரத்தில் முதுகும் அக்குளும் வியர்த்து, அந்த வியர்வை நேரே தூவியில் இறங்குகிறது. தோள்பட்டை வாரும் அதே இடத்தை அழுத்தி நசுக்குகிறது. மாலையில் நடை நின்று உடல் குளிரத் தொடங்கும்போது, உண்மையில் அந்த ஜாக்கெட் தேவைப்படும் நேரத்தில், அது ஈரமாக இருக்கிறது. நடக்கும்போது மெல்லிய ஃபிளீஸ் சட்டையும், மழை வந்தால் மேலே மழைக்கோட்டும் போதும். முகாமுக்கு வந்ததும் முதலில் ஈர உட்சட்டையைக் கழற்றி உலர்ந்ததை அணிந்து, அதன்மேல்தான் தூவி ஜாக்கெட்டைப் போட வேண்டும். நடையிலும் குளிரும் உடல்வாகு உள்ளவர்கள் அந்த இடத்துக்கு மெல்லிய செயற்கை இழை ஜாக்கெட்டை வைத்துக்கொள்வது நல்லது. வியர்வை பட்டாலும் அணிந்த நிலையிலேயே காயும், துவைப்பதும் எளிது.

இதைக் கேட்டு, செயற்கை இழை நனைந்தாலும் சுடும் என்று முடிவு செய்வதும் தவறே. நனைந்த செயற்கை இழைப் பை, நனைந்த தூவிப் பையைவிட மேலானது. உலர்ந்த செயற்கை இழைப் பையைவிட வெகுவாகக் குளிரும். இழைகளுக்கிடையே தங்கிய நீர் ஆவியாகும்போது அதற்குரிய வெப்பத்தை உடலிலிருந்தே எடுக்கிறது. உண்மையான நன்மை, அதைப் பிழிந்து உதறிக் காற்றில் போட்டால் சில மணி நேரத்தில் பயன்படும் நிலைக்கு வந்துவிடும் என்பதே. அதற்கு ஈடாக, அதே கதகதப்புக்குக் கூடுதல் எடையையும் இடத்தையும் அது கேட்கிறது. அழுத்தி அழுத்திக் கட்டுவதில் இழைகள் ஒடிந்து, சில ஆண்டுகளில் நிரந்தரமாகத் தட்டையாகிவிடுவதும் அதன் குறை. வாடகைக்கு எடுக்கும் பைகளில் இது மிக அதிகம். அத்தகைய பையைக் கையில் வாங்கியதும் விரித்து இருபது நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். மார்புப் பகுதியில் விரல்கள் எளிதில் தரையைத் தொட்டால், அதன் லேபிள் சொல்லும் பூச்சிய டிகிரியைப் பொருட்படுத்த வேண்டாம்.

‘நீர் ஒட்டாத தூவி’ என்று விற்கப்படும், இழைகளுக்கு மேற்பூச்சு தந்த வகை, ஈரம் ஏறுவதைத் தாமதப்படுத்துகிறது, தடுப்பதில்லை. துவைக்கத் துவைக்கப் பூச்சும் குறையும்.

என் மதிப்பீட்டில், ஹம்ப்டா போன்ற நான்கைந்து இரவு மழைக்கால நடைக்கு, எடை தாங்க முடிந்தவர்கள் செயற்கை இழைப் பையையே எடுக்கலாம். தூவிப் பைதான் உள்ளது என்றால், அதன்மேல் போர்த்த மெல்லிய செயற்கை இழைப் போர்வை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். உடலின் ஆவி குளிர்ந்து நீராகும் இடம் தூவியைத் தாண்டி அந்தப் போர்வைக்கு நகர்ந்துவிடுகிறது. குளிர்காலத்துக் கேதார்காந்தாவுக்கோ லடாக்கின் வறண்ட குளிருக்கோ தூவிக்கு நிகரில்லை. 1922இல் எவரெஸ்டுக்குச் சென்ற ஜார்ஜ் ஃபின்ச், பலூன் துணியில் தூவி நிரப்பித் தைத்த மேலங்கியை அணிந்து பயன்பெற்றதும் அத்தகைய உலர்ந்த குளிரில்தான். டிசம்பர் மாதத்து நீலகிரி மூடுபனிக்கு நடுத்தரச் செயற்கை இழைப் பை தாராளமாகப் போதும்.

வீடு திரும்பியபின் செய்யும் ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும்: மலையில் கட்டிய பையை அப்படியே அலமாரியில் வைத்துவிடுவது. சென்னை போன்ற கடலோர ஊரின் காற்றில், மிச்ச ஈரத்தோடு அழுத்திக் கிடக்கும் தூவி சில வாரங்களில் நாறத் தொடங்கும்; நீண்ட நாள் அழுத்தம் பருமனையும் கெடுக்கும். எனவே புதுப்பையை வாங்கிய அன்றே, நன்கு உலர்ந்த நாளில், சமையலறைத் தராசில் நிறுத்து எடையைப் பையின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பயணத்துக்குப் பின் நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் விரித்து, எடை அந்த எண்ணுக்குத் திரும்பும்வரை காத்திருந்து, பிறகு பெரிய பருத்தித் துணிப்பையில் தளர்வாக வைக்க வேண்டும். 1,100 கிராம் என்று எழுதிய பை 1,140 காட்டினால், தொடும்போது உலர்ந்ததாகத் தோன்றினாலும் இன்னும் காயவில்லை.